பதினொரு மணி டீயின் விலை

மாதத்தின் முதல் வேலை நாளில் எந்தப் பொதுத்துறை வங்கிக் கிளைக்கு வேண்டுமானாலும் காலை 11 மணிக்குப் போய்ப் பாருங்கள். பணம் வாங்கிப் பணம் கொடுக்கும் கவுன்டர்கள் மூன்று இருக்கும். நாற்காலி கிடைத்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், கிடைக்காதவர்கள் தூணில் சாய்ந்திருப்பார்கள். பின்கதவு வழியாக டீத்தூக்கு வரும். முதல் கவுன்டர்காரர் எழுந்து போய்ப் பத்து நிமிடத்தில் திரும்புவார். அடுத்தவர் போவார், பிறகு மூன்றாமவர். முறை வைத்துத்தான் போகிறார்கள், எல்லோரும் ஒன்றாக எழுந்துவிடவில்லை. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கிளையில் யார் எந்த இருக்கையில் உட்காருவது, யார் எப்போது சாப்பிடப் போவது என்று எழுதி வைக்கும் வேலை பல வருடம் என்னிடம் இருந்தது. ஒரு நாள் பென்ஷன்காரர் ஒருவர், "சார், நீங்க டீ குடிக்கறதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்த டீயை நாங்க மூணு மணி வரைக்கும் குடிக்கிறோம்" என்றார். கோபத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்க் காகிதத்தில் கணக்குப் போட்டபோதுதான் அவர் நிமிடக்கணக்கு கூடத் தவறாமல் பேசியிருக்கிறார் என்று புரிந்தது.

அந்தக் கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்காக உருட்டி எடுத்தவை. ஆனால் ஒரு நடுத்தரக் கிளையின் மாத முதல் நாள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

மூன்று கவுன்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருடைய வேலை முடியச் சராசரியாக 3 நிமிடம். படிவத்தைப் பார்த்து, கையெழுத்தை ஒப்பிட்டு, கணக்கில் பதிந்து, நோட்டை எண்ணிக் கொடுக்க அது வேண்டும். அப்படியானால் ஒரு கவுன்டர் அரை மணியில் 10 பேரை அனுப்பும், மூன்றும் சேர்ந்தால் 30 பேர். கிளை திறந்திருப்பது 10 மணியிலிருந்து 4 மணி வரை. வருகிறவர்களோ சீராக வருவதில்லை. ஷட்டர் திறக்கும் முன்பே வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். முதல் அரை மணியில் 50 பேர், அடுத்ததில் 40, பிறகு 35, 30, 25, 20. ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை அரை மணிக்கு 15 பேர்தான். இரண்டுக்கு மேல் சற்றே கூடி 20, 20, 20, கடைசியில் 15. மொத்தம் 305 பேர்.

ஆறு மணி நேரத்தில் மூன்று கவுன்டர்களால் 360 பேரைக் கவனிக்க முடியும், வருகிறவர்கள் 305 பேர்தான். ஆகவே ஆள் போதும் என்றுதான் மேலிடத்தில் சொல்வார்கள். நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அது சரி. ஆனால் காலையில் வந்த கூட்டத்தை மதியம் சும்மா இருக்கும் கவுன்டரால் பின்னோக்கிப் போய்க் கவனிக்க முடியாதே.

முதல் அரை மணியில் 50 பேர் வந்து 30 பேர் போனால் மிச்சம் 20 பேர். அடுத்த அரை மணியில் அது 30 ஆகிறது. இப்போது மணி 11, டீ வருகிறது. ஆளுக்குப் பத்து நிமிடம், மூன்று பேருக்கு மொத்தம் அரை மணி. அதாவது ஒரு கவுன்டர் அரை மணி நேரம் மூடியிருந்ததற்குச் சமம். 30 பேர் போயிருக்க வேண்டிய நேரத்தில் 20 பேர்தான் போகிறார்கள். 11.30க்கு வரிசையில் 45 பேர் நிற்கிறார்கள். டீ குடிக்காமல் இருந்திருந்தால் 35 பேர்.

வித்தியாசம் வெறும் பத்துப் பேர்தான். ஆனால் அந்தப் பத்துப் பேர் 11.30க்குக் கரைந்துவிடுவதில்லை. வரிசை என்று ஒன்று இருக்கிறவரை மூன்று கவுன்டர்களும் முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. இழந்ததை ஈடுகட்ட எந்தக் கவுன்டரிலும் மிச்ச வேகம் கிடையாது. ஆகவே அந்தப் பத்து அப்படியே வரிசையின் வாலில் தொங்கிக்கொண்டு வருகிறது. எங்கள் கிளையில் அப்போதிருந்த வழக்கப்படி 1.30க்கு எல்லோரும் சாப்பிடப் போய் 2 மணிக்குத் திரும்பினால், வரிசை முற்றிலும் தீர 3.30 ஆகும். டீ இல்லாமல் இருந்திருந்தால் 3 மணிக்கே தீர்ந்திருக்கும். இடையில் மூன்றரை மணி நேரம் எந்தக் கணத்தில் எண்ணினாலும் பத்துப் பேர் கூடுதலாக நிற்கிறார்கள். மூன்று பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குடித்த டீக்கு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கொடுத்த விலை எல்லோருக்குமாகச் சேர்த்துக் குறைந்தது 35 மணி நேரம்.

அதே டீயை 3 மணிக்கு, வரிசை தீர்ந்த பிறகு குடித்துப் பாருங்கள். அந்த அரை மணியில் வருகிறவர்கள் 20 பேர், இரண்டு கவுன்டர்களால் கவனிக்க முடிகிறவர்களும் 20 பேர். யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அதே டீ, அதே பத்து நிமிடம்!

ஆக, கவுன்டரில் இருப்பவர் எழுந்து போவது குற்றமில்லை. வரிசை வளர்ந்துகொண்டிருக்கும்போது எழுகிறாரா, தீர்ந்த பிறகு எழுகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாப்பாட்டுக்கும் இதே கதைதான். முறை வைத்து ஒவ்வொருவராகச் சாப்பிடப் போனால் போதும் என்று நினைத்து 12.30க்கே முதல் ஆளை அனுப்பினால், அப்போது இன்னும் 30 பேர் நிற்பார்கள், அந்த எண்ணிக்கை அடுத்த அரை மணிக்கும் குறையாது. 2 மணிக்குக்கூட 20 பேர் மிச்சம் இருப்பார்கள். முதல் ஆளை 1 மணிக்கு அனுப்பி, இரண்டாமவரை 1.30க்கும் மூன்றாமவரை 2 மணிக்கும் அனுப்பினால், 1 மணிக்கு 20 பேர்தான் இருப்பார்கள், 2 மணிக்குப் பத்தாகிவிடும். இரண்டு ஏற்பாட்டிலும் வரிசை முழுக்கத் தீர்வது 3 மணிக்குத்தான். ஆனால் நடுவே நிற்கும் கூட்டம் பாதியாகிவிடுகிறது. பதிலுக்கு ஒருவர் 2 மணி வரை பசியோடு இருக்க வேண்டும்.

இங்கே ஒரு தடை வரும். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர் ஒரு மணி வரை எழாமல் நோட்டு எண்ணுவது நடக்கிற காரியமா? நடக்காது, நடக்கவும் கூடாது. அசதியில் ஒரு 500 ரூபாய்க் கட்டில் ஒரு நோட்டு கூடப் போனால், மாலையில் கணக்கு முடிக்கும்போது குறையும் பணத்தைக் கட்ட வேண்டியவர் அந்தக் காசாளர்தான். கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்து சிறுநீர்த் தொற்று வரவழைத்துக்கொண்ட பெண் ஊழியர்களை எனக்குத் தெரியும். ஆகவே 11க்கும் 12க்கும் நடுவில் ஐந்து நிமிடமாவது எழத்தான் வேண்டும். கேள்வி, அந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடு எங்கிருந்து வரும் என்பது.

நான்காவது கவுன்டரிலிருந்துதான் வரும். நாள் முழுக்க அல்ல, 10 மணியிலிருந்து 12 மணி வரை மட்டும். நகைக்கடன் பகுதியிலோ முன்பணப் பிரிவிலோ இருக்கும் ஒருவரை இரண்டு மணி நேரம் கவுன்டரில் உட்கார வைத்தால், 45 பேர் வரை போன வரிசை அந்த நாள் முழுதும் பத்தைத் தாண்டாது. மூன்று பேரும் ஆளுக்கு ஐந்து நிமிடம் 11 மணியை ஒட்டி எழுந்து போனாலும் 12 மணிக்கு வரிசையே இருக்காது. எந்தச் சாப்பாட்டு அட்டவணையாலும் இதைச் செய்ய முடியாது. மதியம் எவ்வளவு சாமர்த்தியமாக முறை வைத்தாலும், காலையில் விட்டதை அது கொஞ்சம்தான் சரிக்கட்டும். நகைக்கடனுக்கு வந்தவர்களை 12 மணிக்கு மேல் வரச் சொல்லலாம். புது லாக்கர், முகவரி மாற்றம் போன்றவற்றை ஒரு வாரம் தள்ளி வைக்கலாம். அதற்கும் முணுமுணுப்பு இருக்கும், ஆனால் அவர்கள் ஐந்து பேர், பத்துப் பேர்.

நான்காவது ஆளை உட்கார வைப்பதில் வெளியாருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. ஒரு காசாளர் எழுந்து போனால் அவருடைய நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து அப்படியே தொடர முடியாது. இழுப்பறையில் இருக்கும் பணம் அவர் பொறுப்பு, கணினியில் திறந்திருப்பது அவர் பெயர். மாற்று ஆளுக்குத் தனிப் பணம், தனி லாகின், தனிப் பெட்டி வேண்டும். அவசரத்தில் "என் பாஸ்வேர்டையே போட்டுக்கங்க, ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் கிளைகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு. பணம் குறைந்தால் யார் கொடுத்தது என்று பிறகு கடவுளாலும் சொல்ல முடியாது. ஆகவே நான்காவது ஆளுக்கு வேண்டிய பணத்தைக் காலையிலேயே எண்ணிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். 11 மணிக்குக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு "நீயும் வந்து உட்காரப்பா" என்றால், அவர் பணம் வாங்கி உட்காரவே கால் மணி போய்விடும்.

பணத்தைக் காலையில் வெளியே எடுப்பதும் ஒருவர் வேலையல்ல. பணப் பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள், இரண்டு பேரிடம். பெரும்பாலும் தலைமைக் காசாளரிடம் ஒன்று, ஓர் அதிகாரியிடம் ஒன்று. இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் பஸ் தாமதமென்று 10.15க்கு வந்தால், மூன்று கவுன்டர்களும் தயாராக உட்கார்ந்து கைகட்டிக் காத்திருக்கும். மாத முதல் நாளில் அந்தக் கால் மணி என்பது 15 பேர். அவர்களும் அந்த டீயைப் போலவே மதியம் வரை வாலில் தொங்குவார்கள்.

இந்த இரண்டு சாவிக்காரர்களின் சாப்பாட்டு நேரம் பற்றி நான் வெகுநாள் தவறாகவே நினைத்திருந்தேன். எல்லோரும் முறை வைத்துப் போவதுபோல இவர்களும் ஒருவர் மாற்றி ஒருவர் போகட்டும் என்று எழுதி வைத்தேன். ஒருவர் 1 மணிக்கு, மற்றவர் 1.30க்கு. அப்படிச் செய்தால் பெட்டகம் ஒரு மணி நேரம் திறக்க முடியாமல் போகிறது, ஏனென்றால் எப்போதும் ஒரு சாவி சாப்பாட்டு அறையில் இருக்கிறது. நடுவில் ஒரு கவுன்டரில் பணம் தீர்ந்தால் அது நிற்க வேண்டியதுதான். இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டால் அரை மணிதான் அடைபடும். கவுன்டர்காரர்கள் பிரிந்து சாப்பிட வேண்டும், சாவிக்காரர்கள் சேர்ந்து சாப்பிட வேண்டும். அவர்கள் எழும்முன் மூன்று இழுப்பறைகளிலும் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்த்து நிரப்பிவிட்டுப் போனால் அந்த அரை மணியும் உறுத்தாது. நிரப்பும்போது 100 ரூபாய் நோட்டை மறக்கக் கூடாது. பென்ஷன் வாங்க வருகிறவர் 20,000 எடுத்தால், முழுவதும் 500 ஆகக் கொடுத்தால் நகரமாட்டார். "தம்பி, காய்கறிக்காரன்கிட்ட இதை எப்படி நீட்டறது?" என்பார். நியாயம்தானே. நூறு தீர்ந்த கவுன்டரில் 3 நிமிட வேலை 5 நிமிடமாகிறது, பாதி நேரம் வாக்குவாதத்தில் போகிறது.

காசாளருக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேற்பட்ட தொகையை எடுக்க வந்தால் ஓர் அதிகாரி தன் திரையில் அனுமதி கொடுக்க வேண்டும். அந்த அதிகாரி சாப்பிடப் போய்விட்டால் இரண்டு கவுன்டர்கள் திறந்திருந்தும் ஓடாது. கவுன்டர்களுக்கு மட்டும் அட்டவணை எழுதிவிட்டு அனுமதி கொடுப்பவரை விட்டுவிடுகிற கிளைகள் நிறைய. வாடிக்கையாளர் பார்ப்பதெல்லாம், காசாளர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான். திட்டு விழுவது அவருக்கு.

இனி நாட்காட்டிக்கு வருவோம். எந்த நாளுக்காக இந்த ஏற்பாடெல்லாம்? மாதம் பிறந்தால் கூட்டம் என்று பொதுவாகச் சொன்னாலும், அலை ஒன்றல்ல. மத்திய அரசு பென்ஷன் அந்தந்த மாதத்தின் கடைசி வேலை நாளில் கணக்கில் ஏறும். மார்ச் மாதத்துக்கு மட்டும் விதிவிலக்கு, அது ஏப்ரலில்தான் வரும். ஏப்ரல் 1 ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக வாடிக்கையாளருக்கு விடுமுறை. ஆகவே ஏப்ரலில் கிளை திறக்கும் முதல் நாளை ஆறு மாதம் முன்பே காலண்டரில் வட்டமிட்டு வைக்கலாம். தொழிற்சாலைகள் இருக்கும் ஊரில் இன்னோர் அலை 7 தேதியிலிருந்து 10 தேதிக்குள் வரும். 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் 7ஆம் தேதிக்குள்ளும், மற்ற இடங்களில் 10ஆம் தேதிக்குள்ளும் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்று வைத்தது. பல கம்பெனிகளின் சம்பளத் தேதி அதையொட்டியே அமைந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கிய பிறகு மாத நடுவிலும் ஒரு சிற்றலை உண்டு. தொகை ஆயிரம்தான், ஆனால் கவுன்டருக்கு ஆயிரமும் ஒன்றுதான் இருபதாயிரமும் ஒன்றுதான். நேரம் அதே 3 நிமிடம்.

2021 ஆகஸ்ட் 1 முதல் இதில் ஒரு மாற்றம். சம்பளம், பென்ஷன் போன்றவற்றை மொத்தமாகக் கணக்குகளில் ஏற்றும் 'நாச்' முறை, வங்கி விடுமுறை நாளிலும் வேலை செய்யத் தொடங்கியது. அதாவது கிளை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையும் பணம் ஏறிவிடும், குறுஞ்செய்தியும் போய்விடும். ஏடிஎம் கார்டு இருப்பவர் எடுத்துக்கொள்வார். பாஸ்புக்கை மட்டும் நம்புகிறவர் திங்கட்கிழமை காலை வாசலில் நிற்பார். ஞாயிறு மதியத்துக்குள் வாசல் ஏடிஎம் காலியாகிவிட்டால், கார்டு இருப்பவர்களும் அவர் பின்னால் நிற்பார்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் 2015 செப்டம்பரிலிருந்து வங்கிக்கு விடுமுறை. இரண்டாவது சனி 8 தேதிக்கு முன் வராது என்பதால் ஒன்றாம் தேதியைத் தொடாது, ஆனால் கம்பெனிச் சம்பள அலையில் நேராகப் போய் மோதும். நான்காவது சனி மாத முடிவை ஒட்டி வருவது பிப்ரவரியில் மட்டும்தான். 2026இல் அப்படி வந்தது. பிப்ரவரி 28 நான்காவது சனி, மார்ச் 1 ஞாயிறு. ஆகவே மார்ச் 2 திங்கட்கிழமையைச் சாதாரண முதல் தேதி என்று நினைத்து அட்டவணை போட்ட கிளை பிற்பகலில் திணறியிருக்கும்.

அலை எந்த நாளில், எந்த நேரத்தில் வருகிறது என்று ஒவ்வொரு கிளையும் தன் கணக்கைத் தானே எடுக்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்த பொறி. கணினியில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நேரம் பதிவாகியிருக்கும். மூன்று மாதத்து முதல் தேதிகளை எடுத்து அரை மணிக்கு எத்தனை என்று எண்ணினேன். எல்லா அரை மணியிலும் ஏறக்குறைய 30 வந்தது. "கூட்டம் நாள் முழுக்கச் சீராக இருக்கிறது, உச்சம் என்று எதுவும் இல்லை" என்று குறிப்பெழுதி மேலாளரிடம் கொடுத்தேன். அவர் சிரித்தார். "முப்பது பேருக்கு மேல அரை மணியில உங்களால செய்ய முடியாது சார். அதான் முப்பது வருது. வந்தவங்க எத்தனை பேர்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?" என்றார். கணினி எண்ணுவது வெளியே போகிறவர்களை, உள்ளே வருகிறவர்களை அல்ல. கூட்டத்தைப் பார்த்து வாசலோடு திரும்பிப் போனவர் அதில் இல்லவே இல்லை. டோக்கன் இயந்திரம் இருந்தால் அது கொடுத்த நேரத்தைப் பார்க்கலாம். எங்களிடம் இல்லை. வாசலில் இருந்த காவலாளியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, அரை மணிக்கு ஒரு முறை உள்ளே வந்தவர்களுக்குக் கோடு போடச் சொன்னோம். இரண்டு மாதம் போட்டார். மேலே சொன்ன 50, 40, 35 என்ற வடிவம் அந்தக் கோடுகளிலிருந்து வந்ததுதான்.

அந்தக் காவலாளி கூடவே சொன்ன ஒரு விஷயம் கணக்கைவிடப் பயன்பட்டது. "பாதிப் பேர் பணம் எடுக்க வரல சார், பணம் ஏறிடுச்சான்னு கேக்க வர்றாங்க." பாதி என்பது மிகைதான். ஆனால் வரிசையில் முக்கால் மணி நின்று கண்ணாடி முன் வந்து "பென்ஷன் வந்திருச்சா பாருங்க" என்று கேட்பவர்கள் கணிசம். படிவத்தில் கையெழுத்தை மறந்தவர்கள், பழைய பாஸ்புக்கோடு வந்தவர்கள் வேறு. முதல் மூன்று நாள் காலையில் ஓர் ஊழியரை வரிசையின் தலைப்பக்கம் அல்ல, வால்பக்கம் நிறுத்தினோம். படிவத்தைப் பார்ப்பது, பாஸ்புக் அச்சிடும் இயந்திரத்தைக் கைகாட்டுவது, வயதானவரை உட்கார வைத்து முன்னால் அனுப்புவது அவர் வேலை. மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிக் கவுன்டரோ முன்னுரிமையோ கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் சொன்னது. பென்ஷன் நாளில் வரிசையே மூத்த குடிமக்கள் என்பதால், எழுபத்தைந்துக்காரர் அறுபத்திரண்டுக்காரரைத் தாண்டிப் போவதற்கு ஒரு ஆள் நின்று சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் ஓர் எல்லை உண்டு. மூன்று பேரில் ஒருவர் லீவு, பதில் ஆள் இல்லை என்றால், இரண்டு கவுன்டர்கள் டீயோ சாப்பாடோ இல்லாமல் ஓடினாலும் நாளெல்லாம் 240 பேரைத்தான் அனுப்ப முடியும். 305 பேரில் மிச்சம் 65 பேர், ஷட்டர் இறங்கும்போது உள்ளே நிற்பார்கள். அங்கே எந்த அட்டவணையும் உதவாது. முந்தின மாதக் கடைசியிலேயே மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பக்கத்துக் கிளையிலிருந்து ஓர் ஆளைக் கேட்டு வாங்குவதுதான் வழி. முதல் தேதி காலையில் கேட்டால் பக்கத்துக் கிளையும் அதே ஆளைத்தான் எங்கோ தேடிக்கொண்டிருக்கும்.

1 மணி, 1.30, 2 மணி என்று எழுதியபோது, யாருக்கு 2 மணி என்ற சண்டை வந்தது. முதலில் சீனியாரிட்டிப்படி எழுதினேன். மூத்தவர் முதலில் சாப்பிட்டார், புதிதாகச் சேர்ந்த பெண் தினமும் 2 மணிக்குச் சாப்பிட்டார். மூன்றாவது மாதம் அவருடைய கவுன்டரில் 1.45க்கு 500 ரூபாய் அதிகமாகப் போய்விட்டது. கண்காணிப்புக் கேமராவில் பார்த்து, வாங்கிப் போனவரைத் தேடிப் பிடித்துத் திரும்ப வாங்கினோம். அடுத்த மாதத்திலிருந்து சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்கு மட்டும் 1 மணியை நிரந்தரமாக்கினோம். மற்ற இருவரும் 1.30ஐயும் 2ஐயும் நாள் மாற்றி நாள் எடுத்துக்கொண்டார்கள். 2 மணி முறை யாருடையதோ, அவருக்கு 12.15க்கு இரண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் மோரும் கவுன்டருக்குப் பின்னால் வரும். அந்தப் பெண் அதற்கும் ஒரு நோட்டுப் போட்டு, யார் எத்தனை முறை 2 மணிக்குச் சாப்பிட்டார்கள் என்று கோடு போட்டு வைத்திருந்தார். நான் ஓய்வு பெற்ற அன்று பார்த்தேன், அவர் கணக்கில் நான்கு கோடு அதிகம் இருந்தது.